வரைபடத்தின் தலைப்பு எதைச் சொல்ல வேண்டும்?

ஒரு வரைபடத்தை மனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் ஆண்டுகள், நிமிர் அச்சில் எண்கள், நடுவே இடமிருந்து வலமாக இறங்கும் இரண்டு கோடுகள். மேலே தடித்த எழுத்தில் ‘மொத்தக் கருவள விகிதம்: இந்தியா, தமிழ்நாடு, 1992–2021’ என்று தலைப்பு. அரசு அறிக்கைகளிலும் பாடநூல்களிலும் அலுவலகக் கூட்டங்களிலும் நாம் பார்க்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தலைப்புப் பெறுகின்றன. இதில் தவறான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆண்டுகள் கிடை அச்சிலேயே இருக்கின்றன. எந்தக் கோடு யாருடையது என்று கோட்டின் அருகிலேயே எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே பெரிய எழுத்தில், வாசகரின் கண் முதலில் விழும் இடத்தில், வேறு இடங்களில் உள்ளதையே மறுபடியும் எழுதியிருக்கிறோம். கோடுகள் இறங்கின, சரி. அதனால் என்ன தெரிகிறது என்ற கேள்வியை வாசகரே தன்னிடம் கேட்டு, தானே பதிலும் தேடிக்கொள்ள வேண்டும்.

இப்படித் தலைப்பிடுவது பழக்கமானதற்கு மென்பொருளும் ஒரு காரணம். எக்ஸலில் ஒரே ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து வரைபடம் போட்டால், அந்த நெடுவரிசையின் பெயரே தலைப்பாக வந்து உட்கார்ந்துவிடும். பல நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்தால் `Chart Title` என்ற வெற்றுச் சொல் வரும். அதை அழித்துவிட்டு அட்டவணையின் பெயரை ஒட்டுவோம். இரண்டு வழியிலும் தலைப்பு அட்டவணையிலிருந்துதான் வருகிறது. வரைந்தவர் அந்த அட்டவணையைப் பார்த்து என்ன கண்டார் என்பது தலைப்புக்குள் வருவதே இல்லை.

தலைப்பை வாசகர் எவ்வளவு பார்க்கிறார் என்பதை அளந்திருக்கிறார்கள். மிஷெல் போர்கினும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 33 பேருக்கு மொத்தம் 393 வரைபடங்களிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு படமும் 10 நொடிகள் திரையில் இருந்தது. பார்ப்பவரின் கண் எங்கெங்கே நிற்கிறது என்பதை ஒரு கருவி பதிவு செய்தது. பிறகு, பார்த்த படங்கள் என்ன சொல்லின என்று அவர்களையே எழுதச் சொன்னார்கள். கண்கள் தலைப்பில்தான் நெடுநேரம் நின்றிருந்தன. எழுதிய பதில்களிலும் தலைப்பில் இருந்ததே அதிகமாகத் திரும்பி வந்தது. தலைப்பு படத்துக்குக் கீழே இருந்தபோது அதைப் பார்த்தவர்கள் குறைந்தார்கள். ஆக, வாசகர் தலைப்பைத்தான் எடுத்துச் செல்கிறார். அங்கே அச்சின் பெயர் மட்டும் இருந்தால் அந்தப் பெயரை மட்டும் எடுத்துச் செல்வார்.

இனி அந்த இரண்டு கோடுகளுக்கு வருவோம். அவை தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்து சுற்றுகளிலிருந்து வந்தவை. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவார் என்பதன் மதிப்பீடுதான் மொத்தக் கருவள விகிதம். இந்தியாவுக்கு அது 1992–93-இல் 3.4, 1998–99-இல் 2.9, 2005–06-இல் 2.7, 2015–16-இல் 2.2, 2019–21-இல் 2.0. தமிழ்நாட்டுக்கு அதே வரிசையில் 2.5, 2.2, 1.8, 1.7, 1.8. இன்னும் ஒரே ஓர் எண் போதும், அது 2.1. ஒரு தலைமுறை தன் எண்ணிக்கைக்கு ஈடாக அடுத்த தலைமுறையைப் பெற்றெடுக்க ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். அதைப் பதிலீட்டு அளவு என்பார்கள்.

மொத்தம் பத்தே எண்கள். இவற்றுக்கு ‘கண்டதைச் சொல்லும்’ தலைப்பு எழுத உட்கார்ந்தால்தான் வேலை எவ்வளவு என்பது தெரியும். மெக்கின்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் வரைபடப் பிரிவை நடத்திய ஜீன் செலாஸ்னி, 1985-இல் வெளியிட்ட தன் நூலில் இதற்கு ஒரு வரிசை சொன்னார். முதலில், சொல்ல வந்தது என்ன என்று முடிவுசெய். அதில் எதை எதோடு ஒப்பிடுகிறாய் என்று பார். படத்தின் வகையை அதற்குப் பிறகு தேர்ந்தெடு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: படத்தைப் போட்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் தலைப்பைத் தட்டுகிறோம்.

முதல் முயற்சியாக இப்படி எழுதலாம்: ‘பதிலீட்டு அளவுக்குக் கீழே தமிழ்நாடு 2005–06 ஆய்வுக்குள் வந்துவிட்டது; இந்தியா வந்தது 2019–21 ஆய்வில்தான்’. இப்போது படத்தைப் பாருங்கள். தலைப்பு 2.1 என்ற அளவைப் பற்றிப் பேசுகிறது, படத்திலோ அதற்கு அடையாளமே இல்லை. எனவே 2.1-இல் ஒரு மெல்லிய கிடைக்கோடு போட வேண்டும். தமிழ்நாட்டுக் கோடு அதற்குக் கீழே முதலில் தென்படும் புள்ளியிலும், இந்தியக் கோட்டின் கடைசிப் புள்ளியிலும் எண்ணை எழுத வேண்டும். மற்ற எண்கள் அவ்வளவு தேவையில்லை. தலைப்பு எழுதியவுடனே படத்தில் எது இருக்க வேண்டும், எதை நீக்கலாம் என்பது தானாகத் தெளிகிறது.

தலைப்பில் உள்ள ‘ஆய்வுக்குள்’ என்ற சொல்லும் யோசித்துப் போட்டது. ‘2005-இல் தமிழ்நாடு பதிலீட்டு அளவைக் கடந்தது’ என்று எழுதத்தான் கை போகும். ஆனால் தரவு அப்படிச் சொல்லவில்லை. 1998–99-இல் 2.2, அடுத்து அளந்தபோது 1.8. கடந்தது நடுவில் ஏதோ ஓர் ஆண்டில். அச்சைப் பெயரிட்டுவிட்டு நகர்ந்திருந்தால் இந்த வேறுபாட்டை வரைந்தவர் கவனித்திருக்கவே மாட்டார்.

அடுத்து, அதே பத்து எண்களுக்கு வேறொரு தலைப்பு: ‘இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான இடைவெளி 0.9-இலிருந்து 0.2-ஆகச் சுருங்கியது’. உண்மைதான். 1992–93-இல் 3.4-க்கும் 2.5-க்கும் இடையே 0.9, கடைசியில் 2.0-க்கும் 1.8-க்கும் இடையே 0.2. இந்தத் தலைப்புக்கு 2.1 கோடு வேண்டாம். இரு கோடுகளுக்கும் நடுவே உள்ள பரப்பை மெல்லிய நிறத்தால் நிரப்பினால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். அல்லது இரண்டு கோடுகளையும் விட்டுவிட்டு, இடைவெளியை மட்டும் ஐந்து பட்டைகளாக வரையலாம். அப்படி வரைந்து பார்க்கும்போது ஒன்று வெளிப்படும். பட்டைகளின் உயரம் 0.9, 0.7, 0.9, 0.5, 0.2. ஒரே சீராகச் சுருங்கவில்லை. 1998–99-இல் சற்றுக் குறைந்து, 2005–06-இல் பழைய அளவுக்கே திரும்பியது, அதன் பிறகுதான் சுருங்கியது. ‘1992 முதல் தொடர்ந்து சுருங்கிவரும் இடைவெளி’ என்று எழுதியிருந்தால், ‘தொடர்ந்து’ என்ற ஒரு சொல்லால் தலைப்பு பொய்யாகியிருக்கும். ‘2005–06-க்குப் பின் இடைவெளி வேகமாகச் சுருங்கியது’ என்று திருத்துகிறோம். அப்போதும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இடைவெளி சுருங்கியது இந்தியா இறங்கியதால் மட்டுமா? கடைசிச் சுற்றில் தமிழ்நாடு இறங்காமல் நின்றதும் காரணம். வாசகருக்கு இது தெரிய வேண்டும் என்று நினைத்தால், இரண்டு கோடுகளையும் வைத்துக்கொள்வதே மேல். பட்டைகள் இதைக் காட்டா.

இரண்டு தலைப்புகளும் சரியானவை. இரண்டையும் ஒரே படத்தின் தலையில் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டும் என்று தோன்றினால் அங்கே இரண்டு படங்கள் இருக்கின்றன என்று பொருள். அலுவலகக் கூட்டங்களில் காட்டப்படும் பல படங்களில் நான் பார்க்கும் குறை இதுதான். நான்கு செய்திகளை ஒரே சட்டகத்துக்குள் அடைத்துவிட்டு, எதையும் தேர்ந்தெடுக்க மனமில்லாமல், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு பொதுப்பெயரை மேலே எழுதிவிடுகிறார்கள். ‘விற்பனை நிலவரம்’, ‘மாணவர் சேர்க்கை – ஒரு பார்வை’ என்றெல்லாம் வரும் தலைப்புகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தத் தயக்கம்தான் இருக்கிறது.

அப்படியென்றால் ‘மொத்தக் கருவள விகிதம்: இந்தியா, தமிழ்நாடு, 1992–2021’ என்ற பழைய வரியை என்ன செய்வது? தூக்கி எறியக் கூடாது. என்ன அளவை, எந்த ஊர், எந்தக் காலம், எந்த அலகு என்பதெல்லாம் வாசகருக்குக் கட்டாயம் தேவை. அதன் இடம் இரண்டாம் வரி. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் படங்களில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். மேலே பெரிய எழுத்தில், படம் சொல்லும் செய்தி ஒரு வாக்கியமாக இருக்கும். கீழே சிறிய எழுத்தில், எந்த அளவை, எந்தப் பகுதி, எந்த ஆண்டுகள் என்ற விவரம். படத்தின் அடியில் தரவு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. செய்தியை ஒப்புக்கொள்ளாத வாசகர், இரண்டாம் வரியையும் அடிக்குறிப்பையும் வைத்துக்கொண்டு தானே சரிபார்க்கலாம். முதல் வரியை மட்டும் தந்து இரண்டாம் வரியை மறைப்பது, அச்சின் பெயரை மட்டும் தருவதைவிட மோசம் என்பதே என் எண்ணம்.

இனி ஆபத்தான பகுதி. தமிழ்நாட்டுக் கோட்டின் கடைசி இரண்டு புள்ளிகள் 1.7, 1.8. செய்தி தேடும் கண்ணுக்கு இது உடனே படும். ‘தமிழ்நாட்டில் குழந்தைப்பேறு மீண்டும் உயர்கிறது’. சுருக்கமான, வினைச்சொல் உள்ள, கவனம் ஈர்க்கும் தலைப்பு. நல்ல தலைப்புக்குச் சொல்லப்படும் இலக்கணம் எல்லாம் இதற்கும் பொருந்துகிறது. ஆனால் இதை எழுதக் கூடாது. ஏன் என்று மூன்று படிகளில் பார்க்கலாம்.

முதலில் முழுமையாக்கல். ஒரு தசம இடத்துக்குச் சுருக்கும்போது 1.74 என்பது 1.7 ஆகும், 1.75 என்பது 1.8 ஆகும். அச்சில் 0.1 வேறுபாடாகத் தெரிவது, அடியில் அதில் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். அதனால் வரைபவர் முதலில் அறிக்கையின் உள்ளே போய் இரண்டு தசம இடங்கள் கொண்ட எண்ணைத் தேட வேண்டும். இரண்டாவது மாதிரிப் பிழை. இந்த ஆய்வு எல்லாப் பெண்களையும் எண்ணவில்லை, தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டும் கேட்கிறது. அதே நாளில் வேறு வீடுகளுக்குப் போயிருந்தால் எண் சற்று மாறி வந்திருக்கும். எவ்வளவு மாறியிருக்கலாம் என்பதை ஆய்வறிக்கையே பின்னிணைப்பில் அட்டவணையாகத் தருகிறது. இரண்டு சுற்றுகளின் அந்த எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வெகுவாகப் படிந்தால் ‘உயர்ந்தது’ என்று சொல்ல வலு இல்லை. மூன்றாவதாக, வேறொரு சாட்சி. இந்தியாவில் பிறப்பு இறப்புகளை ஆண்டுதோறும் கணக்கிட மாதிரிப் பதிவு முறை என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டின் விகிதம் 2016-இல் 1.6, 2020-இல் 1.4. அந்தக் கணக்கு இறங்குகிறது. இரண்டு ஏற்பாடுகளும் அளக்கும் முறை வேறு என்பதால் எண்கள் அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்று ஏறுகிறது என்றும் மற்றொன்று இறங்குகிறது என்றும் சொல்லும்போது, ‘உயர்கிறது’ என்று தலைப்பில் உறுதியாக அடித்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ‘2005–06 முதல் தமிழ்நாடு 1.8-ஐ ஒட்டியே நிற்கிறது’ என்பதுதான் இந்த ஆய்வின் எண்கள் தாங்கும் வாக்கியம். பரபரப்புக் குறைவுதான், ஆனால் நிற்கும்.

இன்னொரு பள்ளம் காரணம் சொல்வது. ‘பெண் கல்வியால் குறைந்தது குழந்தைப்பேறு’ என்று எழுத ஆசை வரும். பெண்களின் படிப்பு, திருமண வயது, குழந்தை இறப்பு குறைந்தது, குடும்பக் கட்டுப்பாடு என்று மக்கள்தொகை அறிஞர்கள் பல காரணங்களைப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் படத்தில் படிப்பு என்ற அச்சே இல்லை. படத்தில் இல்லாததைத் தலைப்பில் வைத்தால், கீழே உள்ள கோடு அந்தக் கூற்றுக்குச் சாட்சி சொல்வதுபோல வாசகருக்குத் தோன்றிவிடும். காரணத்தைக் கட்டுரைக்குள் தனியாக, அதற்குரிய ஆதாரத்தோடு பேசலாம்.

வேகத்தைப் பற்றிய தலைப்புகளிலும் இதே கவனம் வேண்டும். ஐந்து ஆய்வுகளும் சம இடைவெளியில் நடக்கவில்லை. எக்ஸலில் ஐந்து சுற்றுகளையும் பெயர்களாகக் கொடுத்தால் அது அவற்றைச் சம தூரத்தில் வைத்துவிடும். அப்போது இந்தியா 3.4-இலிருந்து 2.9-க்கு இறங்கியதும், 2.7-இலிருந்து 2.2-க்கு இறங்கியதும் ஒரே சாய்வாகத் தெரியும். இரண்டும் 0.5 தானே. ‘அன்றும் இன்றும் ஒரே வேகம்’ என்று தலைப்பு எழுதிவிடுவோம். உண்மையில் முதல் இறக்கத்துக்கு ஆறு ஆண்டுகள் ஆனது, பிந்தையதற்குப் பத்து. ஆண்டுகளை உண்மையான தூரத்தில் வைத்தால் பிந்தைய சாய்வு மென்மையாகிவிடும், தலைப்பும் அதனுடன் மாறிவிடும்.

தவறான தலைப்பை வாசகர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், படம்தான் கீழேயே இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இலினாய் பல்கலைக்கழகத்தின் ஹா-கியுங் காங், கேரி கரஹாலியோஸ் ஆகியோர் உள்ளிட்ட குழு 2018-இலும் 2019-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதைத்தான் சோதித்தன. ஒரே வரைபடத்துக்கு ஒருபக்கம் சாய்ந்த வெவ்வேறு தலைப்புகளை வைத்து வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டினார்கள். படம் என்ன சொன்னது என்று பிறகு கேட்டபோது, பதில்கள் அவரவர் பார்த்த தலைப்பின் பக்கமாகச் சாய்ந்தன. ஆனால் பெரும்பாலோர் தாங்கள் பார்த்த படம் நடுநிலையானது என்றே கருதினார்கள். அடுத்த ஆய்வில் படத்தோடு பொருந்தாத தலைப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் நினைவில் தலைப்பின் செல்வாக்கு நீடித்தது.

இதைக் காரணம் காட்டி, ‘அதனால்தான் நாங்கள் வெறும் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம், வாசகரே முடிவு செய்யட்டும்’ என்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. எந்த இரண்டு கோடுகளை ஒரே படத்தில் வைப்பது, எந்த ஆண்டில் தொடங்குவது, அச்சை எங்கே வெட்டுவது என்றெல்லாம் வரைந்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். தலைப்பில் வாய் திறக்காமல் இருப்பதால் அந்த முடிவுகள் இல்லாமல் போவதில்லை. ‘இடைவெளி சுருங்கியது’ என்று எழுதியவரைப் பார்த்து ‘2005–06-இல் சுருங்கவில்லையே’ என்று கேட்க முடியும். ‘மொத்தக் கருவள விகிதம்’ என்று மட்டும் எழுதியவரிடம் என்ன கேட்பது?

எழுதிய தலைப்பைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தலைப்பைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, தரவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி, இதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் எழுதியதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. அவர் வேறொன்றைச் சொன்னால், அவர் கண்ணை வேறெங்கோ இழுக்கும் ஏதோ ஒன்று படத்தில் இருக்கிறது. நிறமாக இருக்கலாம், தேவையற்ற மூன்றாவது கோடாக இருக்கலாம். அதை மாற்றிவிட்டு மறுபடி காட்டுங்கள். அவர் வெகுநேரம் பார்த்தும் எதுவும் சொல்லவில்லை என்றால், அந்தத் தரவில் சொல்லத்தக்க செய்தி இல்லாமலே இருக்கலாம். அப்போது அதை அட்டவணையாகக் கொடுத்துவிடுவது நேர்மை.

எல்லா இடத்திலும் இப்படித் தலைப்பிட முடியாது. தரவைப் புரிந்துகொள்வதற்காக ஆய்வாளர் தனக்குத்தானே வரையும் படங்களில் பெயர் மட்டும் இருப்பதே நல்லது. அப்போது செய்தி இன்னும் தெரியாது, முன்கூட்டியே எழுதிய வாக்கியம் கண்ணைக் கட்டிவிடும். வரைபடத்தை வாசிக்கக் கற்றுத்தரும் பாடத்திலும், தேர்வு வினாத்தாளிலும் விடையைத் தலையில் எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு நாளும் தானாகப் புதுப்பிக்கப்படும் திரைகளில் சிக்கல் இன்னும் தெளிவானது. அணைகளின் நீர்மட்டத்தையோ மின்தேவையையோ காட்டும் திரையில் ‘நீர்மட்டம் குறைந்துவருகிறது’ என்று நிலையான தலைப்பு வைத்தால், மழை பெய்த மறுவாரம் கோடு ஏறிக்கொண்டிருக்கும், தலைப்பு குறைந்துகொண்டே இருக்கும். அங்கே ‘நீர்மட்டம், கடந்த 30 நாட்கள்’ என்ற பெயர்தான் சரி. அந்தத் திரையிலிருந்து ஒரு நாளின் படத்தை எடுத்து அறிக்கையில் ஒட்டும்போது நிலைமை வேறு. இனி அந்தக் கோடு மாறப்போவதில்லை. அந்த நாளில் அது காட்டியது என்ன என்பதை, தேதியோடு, முழு வாக்கியமாக எழுதிவிடலாம்.